நடக்கும் செயலையும் நடக்கப்போகும் செயலையும் சொல்லும் அரபுப் பெயர்ச்சொல்

அரபு மொழியில் வினையிலிருந்து பிறந்து, அந்த வினையைச் செய்பவரைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஒன்று உண்டு. அரபு இலக்கணத்தார் அதை 'இஸ்முல் ஃபாஇல்' என்கிறார்கள். 'கதப' என்றால் எழுதினான். 'காதிப்' என்றால் எழுதுபவன். 'பாஅ' என்றால் விற்றான். 'பாயிஃ' என்றால் விற்பவன். மூன்று மெய்களைக் கொண்ட எளிய வினையாக இருந்தால் முதல் மெய்க்குப் பின் 'ஆ' நீண்டு, இரண்டாம் மெய்க்குப் பின் 'இ' வரும். பெரிய வினையாக இருந்தால் முன்னால் 'மு' சேர்ந்து, கடைசி மெய்க்கு முன் 'இ' வரும். பாடம் சொல்லித்தருபவர் 'முதர்ரிஸ்' என்றும், பயணம் போகிறவர் 'முஸாஃபிர்' என்றும் பெயர் பெறுவது இப்படித்தான்.

இது பெயர்ச்சொல் என்பதில் ஐயமில்லை. வேற்றுமை ஏற்கிறது, பன்மை ஏற்கிறது, 'அல்' என்ற சுட்டை முன்னால் ஏற்கிறது. ஆனால் இதே சொல் சில இடங்களில் வினையைப் போல நடந்துகொள்கிறது. தனக்கு ஒரு செயப்படுபொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு இரண்டாம் வேற்றுமையையும் கொடுக்கிறது. 'ஸைதுன் பாயிஉன் பைதஹு' என்ற சிறிய வாக்கியத்தில் வினைமுற்றே இல்லை. 'ஸைது' என்பது ஆளின் பெயர், 'பாயிஉன்' விற்பவன், 'பைதஹு' அவனுடைய வீட்டை. 'ஸைது தன் வீட்டை விற்கிறான்' அல்லது 'விற்கப்போகிறான்' என்பது பொருள். விற்றுவிட்டான் என்ற பொருள் இதற்கு வராது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு இந்தக் காலக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் அரபு இலக்கணத்தார் நூற்றாண்டுகளாக அலசிய கேள்வி.

தமிழருக்கு இந்த அமைப்பு பாதி பழக்கமானது. நம் வினையாலணையும் பெயரும் செயப்படுபொருளை ஏற்கும்: 'வீட்டை விற்றவன்', 'வீட்டை விற்கிறவன்', 'வீட்டை விற்பவன்'. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. தமிழில் காலம் சொல்லுக்குள்ளேயே இடைநிலையாக உட்கார்ந்திருக்கிறது. அரபுச் சொல்லான 'பாயிஃ' என்பதற்குள் காலம் காட்டும் உறுப்பு எதுவும் கிடையாது. நேற்று விற்றவனும் 'பாயிஃ', நாளை விற்கப்போகிறவனும் 'பாயிஃ'. ஆகவே காலத்தைச் சொல்லின் உடலுக்கு வெளியே, அதன் ஈற்றிலும் அடுத்து வரும் சொல்லின் வேற்றுமையிலும் தேட வேண்டும்.

அரபியில் வேற்றுமை மூன்றுதான். எழுவாய்க்கு 'உ' ஈறு, செயப்படுபொருளுக்கு 'அ' ஈறு, உடைமைக்கும் முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும் 'இ' ஈறு. சுட்டு இல்லாத பெயராக இருந்தால் இந்த ஈற்றோடு ஒரு 'ன்' ஒலி சேரும். அதற்குத் 'தன்வீன்' என்று பெயர். 'பாயிஉன்' என்பதில் கேட்கும் 'ன்' அதுதான். ஒரு பெயர் அடுத்த பெயரோடு உடைமைத் தொடராகச் சேரும்போது இந்த 'ன்' விழுந்துவிடும். அடுத்த பெயர் 'இ' ஈறு பெறும். இந்தச் சேர்க்கைக்கு 'இளாஃபா' என்று பெயர்.

இப்போது இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 'ஸைதுன் பாயிஉன் பைதஹு' என்பதில் தன்வீன் இருக்கிறது, வீடு செயப்படுபொருளாக 'அ' ஈறு பெற்றிருக்கிறது. இதன் இறுதியில் 'கதன்' என்று சேர்த்து 'நாளை' ஆக்கலாம். 'அம்ஸி' என்று சேர்த்து 'நேற்று' ஆக்க முடியாது. பெரும்பான்மை இலக்கணத்தார் அதைப் பிழை என்பார்கள். 'ஸைதுன் பாயிஉ பைதிஹி' என்ற இரண்டாம் வாக்கியத்தில் தன்வீன் விழுந்து, வீடு 'இ' ஈறு பெற்றிருக்கிறது. 'ஸைது தன் வீட்டின் விற்பனையாளன்' என்பது போன்ற சேர்க்கை இது. இங்கே 'அம்ஸி' தாராளமாக வரும். நேற்று விற்றவனைச் சொல்ல அரபிக்கு உள்ள ஒரு வழி இது.

இந்த விதி எட்டாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. பஸ்ரா நகரத்து சீபவைஹி, சுமார் 796ஆம் ஆண்டில் இறந்தவர், 'அல்கிதாப்' என்ற தம் பெருநூலில் இதற்குத் தனி இயல் ஒதுக்கினார். செயல் இன்னும் முடியாதிருந்தால் இந்தப் பெயர் நிகழ்கால வினையின் வேலையைச் செய்யும், முடிந்துவிட்டால் வெறும் பெயராகி இளாஃபாவில் சேரும் என்பது அவர் வகுத்த எல்லை.

எல்லை ஏன் அங்கே விழுந்தது? பஸ்ராவினர் தந்த விளக்கம் அழகானது. அரபு வினைக்கு அடிப்படையில் இரண்டே வடிவங்கள். முடிந்த செயலுக்கு ஒன்று: 'கதப', எழுதினான். முடியாத செயலுக்கு மற்றொன்று: 'யக்துபு', எழுதுகிறான் அல்லது எழுதுவான். இந்த இரண்டாவது வடிவத்துக்கு இலக்கணப் பெயரே 'முளாரிஃ', அதாவது 'ஒத்திருப்பது'. எதை ஒத்திருக்கிறது? இஸ்முல் ஃபாஇலை. 'யக்துபு', 'காதிபு' இரண்டையும் வாயால் சொல்லிப் பார்த்தால் புரியும். முதலில் உயிரேறிய மெய் ஒன்று, அடுத்து அசையாத ஓர் ஒலி, அதன்பின் உயிரேறிய மெய்கள் இரண்டு. 'யக்துபு'வில் அந்த அசையாத ஒலி 'க்'. 'காதிபு'வில் அது நெடிலின் நீட்சி. அரபு எழுத்தில் அலிஃப் என்ற தனி எழுத்தாக எழுதப்படுவது. 'கதப' என்பதில் மூன்று மெய்யும் உயிரேறியவை. அதன் அச்சு வேறு.

இந்த ஒப்புமையிலிருந்து இரு பக்கமும் கடன் வாங்கிக்கொண்டன என்பது பஸ்ராவினரின் கருத்து. வேற்றுமை ஈறு பெயருக்கே உரியது. ஆனாலும் பெயரை ஒத்திருப்பதால் முளாரிஃ வினையும் அதைப் போன்ற மாறும் ஈறுகளைப் பெற்றது. செயப்படுபொருளை ஆளுவது வினைக்கே உரியது. ஆனாலும் முளாரிஃ வினையை ஒத்திருப்பதால் இஸ்முல் ஃபாஇல் அந்த ஆட்சியைப் பெற்றது. எந்த வினையிடம் கடன் வாங்கியதோ அந்த வினையின் காலத்திலேயே அது செல்லுபடியாகும். இறந்தகாலப் பொருளில் நிற்கும்போது அது ஒத்திருக்க வேண்டிய 'கதப' வேறு அச்சில் இருப்பதால் கடனும் இல்லை, ஆட்சியும் இல்லை.

காலம் ஒரு நிபந்தனை. மற்றொன்று, இந்தப் பெயர் எதன் மீதாவது சாய்ந்து நிற்க வேண்டும் என்பது. அரபியில் இதற்கு 'இஃதிமாத்' என்று பெயர். பெயராகப் பிறந்து வினையின் வேலையைச் செய்வதால் அதற்குத் தனித்து நிற்கும் வலு இல்லை என்று பஸ்ராவினர் கருதினார்கள். முன்னால் ஓர் எழுவாய் இருக்கலாம். ஸைதின் வாக்கியத்தில் அப்படித்தான். கேள்விச் சொல் இருக்கலாம், எதிர்மறைச் சொல் இருக்கலாம், அது அடைமொழியாக நிற்கும் பெயர் இருக்கலாம், விளி இருக்கலாம். 'யா தாலிஅன் ஜபலன்', அதாவது 'மலை ஏறுகிறவரே' என்பது அரபுப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் விளி உதாரணம். எதுவும் முன்னால் இல்லாமல் வாக்கியத்தின் தலையில் இஸ்முல் ஃபாஇலை வைத்துப் பொருளை ஆளச் செய்வதை அவர்கள் ஏற்கவில்லை. கூஃபா நகரத்து இலக்கணத்தாரும், பஸ்ராவிலேயே அல் அக்ஃபஷ் என்பவரும் இந்தச் சாய்வு தேவையில்லை என்றார்கள்.

எதிர்மறையில் ஒன்று கவனிக்கத் தக்கது. 'லைஸ ஸைதுன் பாயிஅன் பைதஹு' என்றால் 'ஸைது தன் வீட்டை விற்கப்போவதில்லை'. 'லைஸ' என்ற எதிர்மறைச் சொல் தனக்குப் பின் வரும் பயனிலைக்கு 'அ' ஈறு கொடுக்கும். ஆகவே 'பாயிஉன்' இங்கே 'பாயிஅன்' ஆகிவிட்டது. ஒரே சொல் பெயராக நின்று ஒரு வேற்றுமையை வாங்குகிறது. அதே மூச்சில் வினையாக நின்று வீட்டுக்கு ஒரு வேற்றுமையைக் கொடுக்கிறது. இதன் இரட்டைப் பிறவி இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிவதில்லை.

'அல்' சேர்ந்தால் இந்த நிபந்தனைகள் எல்லாம் நீங்கிவிடும். 'அல் பாயிஉ பைதஹு அம்ஸி' என்றால் 'நேற்றுத் தன் வீட்டை விற்றவன்'. இறந்தகாலம்தான், ஆனாலும் வீடு 'அ' ஈற்றோடு நிற்கிறது. இங்கே 'அல்' வெறும் சுட்டு அல்ல, 'எவன் விற்றானோ அவன்' என்று இணைக்கும் சொல். அதன்பின் நிற்பது ஒரு முழு வினைக்குச் சமம் என்பது விளக்கம்.

தன்வீன் ஒன்றை வைத்துக் காலத்தைப் பிரிப்பது பள்ளிக்கூட நுணுக்கம் மட்டுமல்ல என்பதைக் காட்ட, அரபு நூல்கள் ஒரு நிகழ்வைச் சொல்வது வழக்கம். அப்பாசியக் கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் 786 முதல் 809 வரை ஆண்டவர். அவர் அவையில் சட்ட அறிஞர் அபூ யூசுஃபும் கூஃபா இலக்கணத்தாரின் தலைவர் அல் கிஸாயீயும் இருந்தார்கள். இலக்கணம் படித்து என்ன பயன் என்று சட்ட அறிஞர் குறைவாகப் பேச, கிஸாயீ ஒரு வழக்கை முன்வைத்தாராம். ஒருவன் 'அனா காதிலு குலாமிக' என்கிறான். இன்னொருவன் 'அனா காதிலுன் குலாமக' என்கிறான். 'காதில்' கொல்பவன், 'குலாம்' பணியாள், 'க' உன்னுடைய. இருவரில் யாரைப் பிடிப்பீர்கள்?

இருவரையும் என்று அபூ யூசுஃப் சொல்ல, அது தவறு என்று தீர்ப்பானது. முதலாமவன் சொன்னது இளாஃபா: உன் பணியாளைக் கொன்றவன் நான் என்ற ஒப்புதல். இரண்டாமவன் சொன்னதில் தன்வீனும் 'அ' ஈறும் இருக்கின்றன: உன் பணியாளைக் கொல்லப்போகிறேன் என்கிறான். கொலை இன்னும் நடக்கவில்லை. அவன்மீது கொலைக்குற்றம் சுமத்த முடியாது. இதற்குச் சான்றாகக் குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்து 23ஆம் வசனம் காட்டப்பட்டது. நாளை ஒன்றைச் செய்யப்போவதாக இறைவன் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லாதே என்று அறிவுறுத்தும் வசனம் அது. அங்கே 'செய்பவன்' என்ற சொல் தன்வீனோடு 'ஃபாஇலுன்' என்று நிற்கிறது. கூடவே 'கதன்', நாளை என்ற சொல்லும் நிற்கிறது.

நிகழ்வு சுவையானது, ஆனால் அதன் இரண்டு பாதிகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. தன்வீனோடு சொன்னவன் இன்னும் கொல்லவில்லை என்பது உறுதி. இளாஃபாவில் சொன்னவன் கொன்றுவிட்டான் என்பது அவ்வளவு உறுதியில்லை. நிகழ்கால, எதிர்காலப் பொருளிலும் இளாஃபா வரலாம். உச்சரிப்பை எளிதாக்கத் தன்வீனை விட்டுவிட்டார்கள் என்று இலக்கணத்தாரே அதற்கு வழி விட்டிருக்கிறார்கள். குர்ஆனின் 3ஆம் அத்தியாயத்து 185ஆம் வசனம், ஒவ்வோர் உயிரும் மரணத்தைச் சுவைக்கும் என்கிறது. இனி நடக்கப்போவதுதான், ஆனாலும் 'சுவைப்பது' என்ற சொல் பரவலான ஓதலில் மரணத்தோடு இளாஃபாவாகச் சேர்ந்திருக்கிறது. ஆகவே விதியைச் சரியாகச் சொல்வதானால், தன்வீனும் 'அ' ஈறும் இறந்தகாலத்தை விலக்குகின்றன. இளாஃபா எந்தக் காலத்தையும் விலக்குவதில்லை.

தன்வீன் பற்றிய அந்தப் பாதிக்கும் எதிராக ஒரு சான்று எழுந்தது. அதை எழுப்பியவர் அதே கிஸாயீ என்பது வியப்பு. குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் குகைவாசிகளின் கதையைச் சொல்கிறது. அவர்கள் நீண்ட உறக்கத்தில் இருக்க, அவர்களுடைய நாய் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடப்பதாக 18ஆம் வசனம் காட்டுகிறது. 'நீட்டியிருப்பது' என்பதற்கு 'பாஸிதுன்' என்று தன்வீனோடு சொல் வருகிறது. முன்கால்கள் செயப்படுபொருளாக நிற்கின்றன. கதையோ எப்போதோ நடந்து முடிந்தது. எனவே இறந்தகாலத்திலும் இந்தப் பெயர் பொருளை ஆளும் என்றார் கிஸாயீ. பஸ்ராவினர் மறுத்தார்கள். கதைசொல்லி கேட்பவரை அந்த இடத்துக்கே கூட்டிப்போய்விடுகிறார். அந்தக் காட்சிக்குள் நின்று பார்க்கும்போது நாய் இப்போது கால் நீட்டிக் கிடக்கிறது. ஆகவே இது நிகழ்காலமே என்றார்கள். இதற்கு 'ஹிகாயதுல் ஹால்', நிலையைக் கண்முன் நிறுத்திச் சொல்லுதல் என்று பெயர். அந்த வசனத்தில் இதற்கு முன் வரும் வினைகளும் முளாரிஃ வடிவத்திலேயே இருப்பதால் பஸ்ராவினரின் பதிலே வலுவானது.

1078ஆம் ஆண்டளவில் இறந்த அணியிலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல் ஜுர்ஜானீ இதே நாயை வேறொரு கேள்விக்குச் சான்றாக எடுத்தார். பொருள் நிகழ்காலம்தான் என்றால் 'பாஸிதுன்' என்ற பெயருக்குப் பதிலாக 'யப்ஸுது', நீட்டுகிறது என்ற வினையையே போட்டிருக்கலாமே? கூடாது என்பது அவர் பதில். வினையைப் போட்டால் நாய் காலை மீண்டும் மீண்டும், கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருப்பது போன்ற காட்சி வரும். பெயரைப் போட்டால் நீட்டிய கால்கள் நீட்டியபடியே நிலைத்திருக்கும் காட்சி வரும். வினை அசைவைத் தருகிறது, பெயர் நிலையைத் தருகிறது. இஸ்முல் ஃபாஇல் வினையின் வேலையைச் செய்தாலும் பெயரின் இந்த இயல்பை விட்டுவிடுவதில்லை. 'ஸைதுன் பாயிஉன் பைதஹு' என்பது 'யபீஉ', விற்கிறான் என்ற வினையைவிட அழுத்தமாக ஒலிப்பதற்கும் இதுவே காரணம். முடிவு எடுத்தாகிவிட்டது, ஸைது இப்போது வீட்டை விற்கும் நிலையில் இருக்கிறான் என்ற தொனி அதில் உண்டு. கூஃபாவினர் இந்தப் பெயரை 'அல் ஃபிஃலுத் தாயிம்', நீடிக்கும் வினை என்று அழைத்ததில் நியாயம் இருக்கிறது.

அச்சிட்ட அரபியைப் படிப்பவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. குர்ஆனையும் தொடக்கப் பாடநூல்களையும் தவிர்த்த மற்ற நூல்களில் குறில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. 'பாயிஉன் பைதஹு', 'பாயிஉ பைதிஹி' இரண்டும் தாளில் ஒரே எழுத்துகள். அங்கே 'நாளை', 'நேற்று' போன்ற சொற்களும் சூழலும்தான் துணை. சில இடங்களில் எழுத்தே காட்டிக்கொடுக்கும். ஒன்று, செயப்படுபொருள் சுட்டில்லாத பெயராக இருந்து 'அன்' என்று முடிந்தால், பெரும்பாலும் அதன் கடைசியில் அலிஃப் எழுதப்படும். 'காதிபுன் கிதாபன்' என்பதில் அலிஃப் உண்டு. 'காதிபு கிதாபின்' என்பதில் இல்லை. மற்றொன்று பன்மை. வீடுகளை விற்கப்போகிறவர்கள் 'பாயிஊன புயூதஹும்'. இளாஃபாவானால் 'ன' விழுந்து 'பாயிஊ புயூதிஹிம்' ஆகும். அந்த 'ன' எழுதப்படும் எழுத்து என்பதால் கண்ணுக்குத் தப்பாது. செயப்படுபொருள் 'உன்னை', 'அவனை' போன்ற ஒட்டுப் பெயராக இருந்தால் இந்த அடையாளமும் போய்விடும். அங்கே தன்வீனும் 'ன'வும் எப்படியும் விழுந்துவிடும்.

இன்றைய அரபுச் செய்தித்தாளில் இந்த அமைப்பு மிகுதியாகத் தென்படும் இடம், முதன்மை வினையோடு கூட நடக்கும் செயலைச் சொல்லும் இடம். ஓர் எதிர்க்கட்சித் தலைவர் பேசினார் என்று எழுதிவிட்டு, உடனே 'முத்தஹிமன் அல் ஹுகூமத' என்று தொடர்வார்கள். 'அரசைக் குற்றம்சாட்டியபடி' என்பது பொருள். 'ஹுகூமத', அரசு, செயப்படுபொருளாக 'அ' ஈறு பெற்றிருக்கிறது. பேச்சு நேற்று நடந்தது. ஆனால் குற்றச்சாட்டு அந்தப் பேச்சின் போதே நடக்கிறது. செய்தி வெளியான நேரத்தை வைத்துப் பார்த்தால் இறந்தகாலம், பேசிய நேரத்தை வைத்துப் பார்த்தால் நிகழ்காலம். குகை வாசலில் கிடந்த நாயைப் பற்றிப் பஸ்ராவினர் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

பேச்சு அரபியில் கதை வேறு. வட்டார வழக்குகளில் வேற்றுமை ஈறுகளும் தன்வீனும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஆனாலும் இஸ்முல் ஃபாஇல் பொருளை ஆளும் பழக்கம் உதிரவில்லை, முன்பைவிடப் பெருகியிருக்கிறது. எகிப்தில் 'தண்ணீர் வேண்டும்' என்பதற்கு 'அன ஆயிஸ் மைய்யா' என்பார்கள். 'ஆயிஸ்' என்பது 'வேண்டுபவன்' என்ற பெயர்தான். தண்ணீர் அதன் செயப்படுபொருள். 'உன்னைப் பார்க்கிறேன்' என்பதற்கு, 'பார்ப்பவன்' என்று பொருள்படும் 'ஷாயிஃப்' என்ற சொல்லோடு 'அக்' சேர்த்து 'ஷய்ஃபக்' என்பார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர் காதில் அடிக்கடி விழும் 'வேன் ராயிஹ்?', எங்கே போகிறாய் என்பதில் உள்ள 'ராயிஹ்' போகிறவன் என்ற பெயரே. 'ஃபாஹிம்?', புரிகிறதா என்பதும் அப்படியே.

காலத்தில் மட்டும் பேச்சு வழக்கு பழைய எல்லையை மீறிவிட்டது. போவது, பயணம் செய்வது போன்ற அசைவு வினைகளில் இந்தப் பெயர் இப்போது நடப்பதையும் விரைவில் நடக்கப்போவதையும் சொல்கிறது. 'அன மிஸாஃபிர் புக்ரா' என்றால் 'நாளை ஊருக்குப் போகிறேன்'. அறிவது, பார்ப்பது, உடுத்தியிருப்பது போன்ற நிலை வினைகளில் இப்போதைய நிலையைச் சொல்கிறது. ஆனால் உண்பது, எழுதுவது போல ஒரு முடிவை எட்டும் வினைகளில் எகிப்தியர் இதை முடிந்த செயலுக்கே பயன்படுத்துகிறார்கள். 'அன வாகில்' என்றால் 'சாப்பிட்டிருக்கிறேன்'. சாப்பிட்டுக்கொண்டிருப்பதைச் சொல்ல 'பி' என்ற முன்னொட்டோடு வினையைப் போட வேண்டும். 'அன காதிப் இக் கவாப்' என்று ஒரு கெய்ரோக்காரர் சொன்னால் கடிதம் எழுதி முடிந்துவிட்டது. சீபவைஹியின் விதிப்படி 'அனா காதிபுன் ரிஸாலதன்' என்று ஒருவர் சொன்னால் கடிதம் இன்னும் முடியவில்லை. பேச்சு அரபியைக் கேட்டுப் பழகியவர்கள் நூல் அரபியைப் படிக்கும்போதும், நூல் அரபியைக் கற்றவர்கள் கெய்ரோ தெருவில் பேசும்போதும், இந்த ஒரு வகை வினைகளில் காலத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. எழுத்தில் தன்வீனையும் 'அ' ஈற்றையும் நம்பலாம்; பேச்சில் வினை எந்த வகை என்று பார்த்தே காலத்தை முடிவு செய்ய வேண்டும்.